‘முர்’ என்று முடிந்தால் செயப்பாட்டுவினையா? தே தெயும் பாடலை முன்வைத்துக் கொஞ்சம் இலத்தீன்

தே தெயும் லௌதாமுஸ், தே தொமினும் கொன்ஃபிதேமுர்.

மேற்கத்தியத் திருச்சபையின் மிகப் பழைய நன்றிப்பாடல்களில் ஒன்று இப்படித்தான் தொடங்குகிறது. இறைவா, உம்மைப் போற்றுகிறோம். ஆண்டவர் என உம்மை அறிக்கையிடுகிறோம். இரண்டு பாதியும் ஒரே அச்சில் வார்த்தவை. இங்கே ஒரு ‘தே’, அங்கே ஒரு ‘தே’. இங்கே ‘தெயும்’, அங்கே ‘தொமினும்’. இரண்டு வினைகளும் ‘நாங்கள்’ செய்பவைதான். ஆனால் முதல் வினை ‘முஸ்’ என்று முடிகிறது, இரண்டாவது ‘முர்’ என்று முடிகிறது. இலத்தீன் வினை விகுதிகளைப் புதிதாக மனப்பாடம் செய்தவர்கள் எல்லோரும் இந்த ‘முர்’ முன்னால் வண்டியை நிறுத்திவிடுவார்கள். நிறுத்துவதும் சரிதான். ‘முர்’ என்பது ‘நாங்கள் -ப்படுகிறோம்’ என்று பொருள் தரும் செயப்பாட்டுவினை விகுதி என்றுதானே பாடப்புத்தகம் சொல்லியிருக்கிறது?

எங்கள் பாடகர் குழுவில் இந்தப் பாடலைப் பொருள் தெரிந்து பாட வேண்டும் என்று சிலர் கேட்டதால் அவர்களுக்கு வரிவரியாகச் சொல்லிக்கொடுக்க ஆரம்பித்தேன். அதில் கிடைத்ததைத்தான் இங்கே எழுதுகிறேன். இலத்தீன் சொற்களைத் தமிழ் எழுத்திலேயே தருகிறேன். உச்சரிப்பு கோயிலில் பாடும் முறை. குறில் நெடில் மட்டும் கூடியவரை இலத்தீன் இலக்கணப்படி. இதில் நமக்கு ஒரு வசதி இருக்கிறது, அதைப் பிறகு சொல்கிறேன்.

பாடலைப் பற்றி இரண்டு வார்த்தை. 387இல் மிலான் நகரில் அகுஸ்தினாருக்குத் திருமுழுக்குக் கொடுத்தபோது அம்புரோசியாரும் அவரும் மாறி மாறிப் பாடியது என்று ஒரு பழங்கதை உண்டு. கதை அழகானது, ஆனால் இன்று அறிஞர்கள் அதை ஏற்பதில்லை. ரெமெசியானா ஆயர் நிசேதா எழுதியது என்றும் ஒரு கருத்து இருந்தது. யார் எழுதினாலும் 6ஆம் நூற்றாண்டில் பெனடிக்ட் தம் துறவிகளுக்கு எழுதிய ஒழுங்குநூலில் ஞாயிறு இரவு வழிபாட்டுக்கு இந்தப் பாடலைப் பெயர் சொல்லிக் குறிப்பிடுகிறார். அதாவது இது பழைய இலத்தீன். ஆனாலும் எளிய இலத்தீன். வாக்கியங்கள் சின்னவை, வினைகள் தெளிவானவை. ஒரே ஒரு சிக்கல், அந்த ‘ர்’ ஒலி.

சரி, விகுதிகள். இலத்தீனில் நிகழ்கால வினைமுற்று யார் செய்கிறார் என்பதைத் தமிழ்போலவே விகுதியில் காட்டும். போற்று என்ற வினையை எடுத்துக்கொண்டால் லௌதத் ‘போற்றுகிறார்’, லௌதாமுஸ் ‘போற்றுகிறோம்’. செயப்பாட்டுவினையானால் லௌதாதுர் ‘போற்றப்படுகிறார்’, லௌதாமுர் ‘போற்றப்படுகிறோம்’. த் என்பது துர் ஆகிறது, முஸ் என்பது முர் ஆகிறது. முன்னிலை ஒருமையில் ரிஸ், தன்மை ஒருமையில் வெறும் ர். இவ்வளவு தெரிந்தால் இந்தப் பாடலுக்குக் கிட்டத்தட்டப் போதும்.

இதை வைத்துக்கொண்டு இரண்டாவது பாதியைப் படித்தால் ‘நாங்கள் அறிக்கையிடப்படுகிறோம்’ என்று வரும். அப்படியானால் ‘தே தொமினும்’ என்ற இரண்டு சொற்களை என்ன செய்வது? இரண்டும் இரண்டாம் வேற்றுமையில் நிற்கின்றன. ‘உம்மை’, ‘ஆண்டவரை’. செயப்பாட்டுவினைக்குச் செயப்படுபொருள் கிடையாது. அதுதான் எழுவாயாக ஏறி உட்கார்ந்துவிட்டதே. ‘உம்மை ஆண்டவரை நாங்கள் அறிக்கையிடப்படுகிறோம்’ என்று எந்த மொழியிலும் வாக்கியம் நிற்காது. கொன்ஃபிதேமுர் பார்க்க செயப்பாட்டுவினை, வேலை செய்வது செய்வினையாக. இந்த மாதிரி வினைகளைத்தான் இலக்கணக்காரர்கள் டெபோனன்ட் என்கிறார்கள். கழற்றி வைப்பது என்ற வினையிலிருந்து வந்த பெயர். செயப்பாட்டுப் பொருளைக் கழற்றி வைத்துவிட்ட வினைகள் என்பது பழைய ரோம இலக்கண ஆசிரியர்களின் எண்ணம்.

வரலாறு கொஞ்சம் வேறு. இந்தோ ஐரோப்பிய மொழிகளின் பழைய நிலையில் செய்வினைக்குப் பக்கத்தில் இன்னொரு வகை இருந்தது. செய்கிறவரே அந்தச் செயலில் தோய்ந்திருப்பது, செயலின் விளைவு அவர்மீதே படிவது போன்றவற்றுக்கு அந்த வடிவம். கிரேக்கத்தில் அது தனி வகையாகவே நீடித்தது. இலத்தீனில் அந்த வடிவம் பெரும்பாலும் செயப்பாட்டுவினையின் வேலையை எடுத்துக்கொண்டது. சில வினைகள் மட்டும் பழைய வடிவத்தோடு பழைய பொருளையும் விடாமல் நின்றுவிட்டன. ஆக அவை எதையும் கழற்றி வைக்கவில்லை. பெயர் மட்டும் ஒட்டிக்கொண்டது.

தமிழ் வாசகருக்கு இது அவ்வளவு அந்நியமாக இருக்க வேண்டியதில்லை. நம்மிடம் ‘படு’ இருக்கிறது. ‘சொல்லப்பட்டது’, ‘கொல்லப்பட்டான்’ என்றால் செயப்பாட்டுவினை. ‘ஆசைப்பட்டான்’, ‘பொறாமைப்பட்டான்’, ‘கவலைப்பட்டாள்’ என்றால்? அதே படுதான், ஆனால் ஆசை அவனுடையது, கவலை அவளுடையது. அவனை யாரும் எதுவும் செய்யவில்லை. இந்த ஒப்புமை ஒரு கட்டம்வரைதான் போகும். தமிழில் படுவுக்கு முன்னால் நிற்பது வினையெச்சமா பெயரா என்று பார்த்தாலே தெரிந்துவிடும். இலத்தீனில் அப்படி எந்த அடையாளமும் வினைக்குள் இல்லை. கொன்ஃபிதேமுர் என்பதும் லௌதாமுர் என்பதும் வடிவத்தில் ஒரே ஜாதி. எது எது என்று தெரிய வினையை மட்டும் முறைத்துப் பார்த்துப் பயனில்லை, வெளியே பார்க்க வேண்டும்.

வெளியே என்றால் இரண்டு இடம். ஒன்று அகராதி. இலத்தீன் அகராதியில் வினைகளை ‘நான் செய்கிறேன்’ என்ற வடிவில் அடுக்கியிருப்பார்கள். சாதாரண வினை ஓ என்று முடியும்: லௌதோ, கிரேதோ. டெபோனன்ட் வினை ஒர் என்று முடியும்: கொன்ஃபிதெயொர், வெனெரொர். அகராதியின் தலைச்சொல்லே ‘ஒர்’ என்று முடிந்தால், அந்த வினைக்குச் செய்வினை வடிவம் வழக்கத்தில் இல்லை என்று அர்த்தம். கத்தோலிக்கர்களுக்குக் கொன்ஃபிதெயொர் புதிய சொல்லும் அல்ல. திருப்பலித் தொடக்கத்தில் சொல்லும் பாவ அறிக்கையின் இலத்தீன் முதற்சொல் அதுதான், அந்தச் செபத்துக்கே அதுதான் பெயர். ‘நான் அறிக்கையிடப்படுகிறேன்’ என்று யாரும் அதைப் புரிந்துகொண்டதில்லை.

இன்னொரு இடம் வாக்கியம். பக்கத்தில் இரண்டாம் வேற்றுமையில் ஒரு செயப்படுபொருள் நிற்கிறதா என்று பார்ப்பது. நின்றால் பெரும்பாலும் டெபோனன்ட். இந்தச் சோதனை ஓரிடத்தில் கைவிடும், அந்த இடம் இதே பாடலில் வருகிறது.

இப்போது அடுத்த வரி: தே ஏதெர்னும் பத்ரெம் ஒம்னிஸ் தெர்ர வெனெராதுர். குழுவில் கல்லூரி படிக்கும் தம்பி ஒருவன், விகுதிகளை எல்லாம் எனக்கு முன்னால் ஒப்பிப்பவன், கையைத் தூக்கினான். “அக்கா, துர் வருது. அப்ப ‘பூமி முழுவதும் வணங்கப்படுகிறது’ தானே? இதை எப்படிக் கோயில்ல பாட விட்டாங்க?” எல்லோரும் சிரித்தார்கள். ஆனால் அவன் கணக்கு முழுக்கத் தப்பில்லை. தெர்ர என்பது எழுவாய் என்று கண்டுபிடித்திருக்கிறான், துர் படர்க்கை ஒருமை என்று கண்டுபிடித்திருக்கிறான். வாக்கியத்தின் முதல் மூன்று சொற்களை மட்டும் விட்டுவிட்டான்.

அந்த மூன்றையும் சேர்த்து வையுங்கள். தே ‘உம்மை’, ஏதெர்னும் ‘நித்தியமான’, பத்ரெம் ‘தந்தையை’. மூன்றும் இரண்டாம் வேற்றுமை. பத்ரெம் என்பதன் கடைசி எம் அதைக் காட்டிவிடுகிறது. எழுவாயாக இருந்தால் பத்தெர் என்றிருக்கும். ஒம்னிஸ் தெர்ர ‘பூமி முழுவதும்’, எழுவாய். பூமி ஒன்று, தந்தை ஒருவர், இடையில் ஒரு வினை. தந்தை செயப்படுபொருளாக நிற்பதால் பூமிதான் செய்கிறது. ‘நித்திய தந்தையே, உம்மைப் பூமி முழுவதும் வணங்குகிறது.’ பிறகு அகராதி: வெனெரொர், வெனெராரீ. ஒர் என்று முடிகிறது. இரண்டு சோதனையும் ஒத்துப்போகின்றன.

நான் அவர்களிடம் சொல்வது, வினையைக் கடைசியாகப் பாருங்கள் என்பதுதான். இலத்தீன் வாக்கியத்தில் வினை எப்படியும் பெரும்பாலும் கடைசியில்தான் வரும், தமிழ்போல. முதலில் யார், யாரை என்பதை வேற்றுமையை வைத்துப் பிரித்துவிட்டால் வினை வரும்போது அதற்கு ஒரு இடம்தான் மிச்சம் இருக்கும்.

கொஞ்சம் தள்ளி அதே கொன்ஃபிதெயொர் திரும்ப வருகிறது: தே பெர் ஒர்பெம் தெர்ராரும் சாங்க்த கொன்ஃபிதேதுர் எக்லேசிய. ‘உலகெங்கும் உம்மைத் திருச்சபை அறிக்கையிடுகிறது.’ இங்கே வினை கடைசியில் இல்லை. ‘புனித’ என்ற அடைக்கும் ‘திருச்சபை’ என்ற பெயருக்கும் நடுவில் செருகியிருக்கிறது. இதற்கு முந்தைய வரிகளில் திருத்தூதர் கூட்டமும் இறைவாக்கினர் அணியும் மறைசாட்சியர் படையும் உம்மைப் போற்றுகிறார்கள் என்று வருகிறது. அங்கே வினை சாதாரண லௌதத். ஆக மேலே த், கீழே துர், பொருள் ஒரே போக்கு. இந்தக் கொன்ஃபிதேதுர் தலையில் பெரிய பாரமும் இருக்கிறது. அடுத்த மூன்று வரியில் தந்தையை, மகனை, தூய ஆவியாரை என்று வரும் மூன்று பெயர்களும் இரண்டாம் வேற்றுமையில்தான் இருக்கின்றன. அவற்றுக்குத் தனி வினை கிடையாது. எல்லாம் இந்த ஒரு வினையில்தான் தொங்குகின்றன. இதைச் செயப்பாட்டுவினை என்று படித்தவருக்கு அந்த மூன்று வரியும் அந்தரத்தில் நிற்கும். தப்பாகப் படித்துவிட்டோம் என்பதற்கு அதுதான் நல்ல அறிகுறி. வேலையில்லாமல் ஒரு இரண்டாம் வேற்றுமைச் சொல் மிஞ்சினால், வினைக்குத் திரும்பிப் போக வேண்டும்.

அந்த மூன்றில் மகனுக்கு ஒரு அடைமொழி உண்டு, வெனெரந்தும். வெனெரொர் என்ற அதே டெபோனன்ட் வினையிலிருந்து வந்தது. ‘வணங்கப்பட வேண்டிய’ என்று பொருள். கவனித்தீர்களா, செயப்பாட்டுப் பொருள்! டெபோனன்ட் வினைக்கு எல்லா இடத்திலும் செய்வினைப் பொருள் என்று இப்போதுதானே சொன்னோம்? அதற்கு இந்த ‘ந்தும்’ வடிவம் விதிவிலக்கு. சாதாரண வினையில் லௌதந்தும் என்றால் எப்படிப் ‘போற்றப்பட வேண்டிய’ என்று வருமோ, டெபோனன்ட் வினையிலும் அப்படியே வரும். ஆரம்பத்தில் இருப்பவர்கள் இதை ஒரு தனிக் குறிப்பாக வைத்துக்கொண்டால் போதும், இதற்கு மேல் தோண்ட வேண்டாம்.

இதுவரை ‘ர்’ வந்த வினைமுற்றெல்லாம் டெபோனன்ட் என்று ஆகிவிட்டது. குழுவிலும் இந்த இடத்தில் எல்லோருக்கும் தைரியம் வந்துவிடும், ர் பார்த்தால் செய்வினை என்று முடிவு கட்டிவிடுவார்கள். அங்கேதான் இந்தப் பாடல் காலை வாருகிறது.

யூதெக்ஸ் கிரேதெரிஸ் எஸ்ஸெ வெந்தூருஸ். ரிஸ் என்பது முன்னிலை ஒருமை. டெபோனன்ட் என்று எடுத்துக்கொண்டால் ‘நீர் நம்புகிறீர்’ என்று வரும். கிறிஸ்துவிடம் பேசிக்கொண்டிருக்கிறோம், அவர் யாரை நடுவர் என்று நம்புகிறார்? அகராதியைத் திறந்தால் தலைச்சொல் கிரேதோ. ஓ என்று முடிகிறது, சாதாரண வினை. அப்படியானால் இந்த ரிஸ் அசல் செயப்பாட்டுவினை. வாக்கியமும் அதையே சொல்கிறது. யூதெக்ஸ் என்பது எழுவாய் வேற்றுமையில் இருக்கிறது. ‘நடுவரை’ என்றால் யூதிச்செம் என்று இருந்திருக்கும். இரண்டாம் வேற்றுமையில் எதுவுமே இல்லை. ‘நீர் நடுவராக வரவிருக்கிறவர் என்று நம்பப்படுகிறீர்.’ தமிழில் நாம் ‘நீர் வருவீர் என நம்புகிறோம்’ என்று சொல்லிவிட்டுப் போவோம், பாடுவதற்கும் அதுதான் நன்றாக இருக்கும். ஆனால் இலக்கணம் பிரிக்கும்போது அந்தப் ‘படுகிறீர்’ இருக்கட்டும்.

நமக்கு ஒரு வசதி என்றேனே, அது இங்கேதான். இந்த வினையில் நடுவே வரும் எகரம் குறிலா நெடிலா என்பதைப் பொறுத்துக் காலமே மாறும். கிரேதெரிஸ் என்றால் ‘நம்பப்படுகிறீர்’, கிரேதேரிஸ் என்றால் ‘நம்பப்படுவீர்’. இலத்தீன் அச்சில் இரண்டுக்கும் ஒரே எழுத்துதான். பாட்டுப் புத்தகங்களில் முதல் அசையின் மேல் அழுத்தக் குறி போட்டிருப்பார்கள். அதிலிருந்து அடுத்த அசை குறில் என்று ஊகித்துக்கொள்ள வேண்டும். தமிழில் எழுதினால் எ, ஏ என்று கண்ணுக்கு நேராகவே தெரிந்துவிடுகிறது. குழுவில் எல்லோரையும் பாட்டுத்தாளில் தமிழ் எழுத்தில் எழுதிவைத்துக்கொள்ளச் சொல்வதற்கு எனக்கு இது ஒரு காரணம்.

இரண்டு வரி கழித்து நுமெராரீ வருகிறது: ஏதெர்னா ஃபக் கும் சாங்க்தீஸ் துவீஸ் இன் க்ளோரியா நுமெராரீ. ஆரீ என்பது செயப்பாட்டு வினையின் ‘-ப்பட’ என்ற எச்ச வடிவம். தலைச்சொல் நுமெரோ, ‘எண்ணுகிறேன்’. சாதாரண வினை, ஆகவே ‘எண்ணப்பட’. ‘நித்திய மகிமையில் உம் புனிதர்களோடு எண்ணப்படச் செய்தருளும்.’ இதில் ஒரு பழைய வழக்கு இருக்கிறது. இப்போது பாடும் இந்தப் பாடத்துக்கு முன்னால், பழைய கையெழுத்துப் படிகளில் இந்தச் சொல் மூனெராரீ என்று இருந்தது. ‘எண்ணப்பட’ என்பதற்குப் பதில் ‘பரிசளிக்கப்பட’. ‘உம் புனிதர்களோடு நித்திய மகிமையைப் பரிசாகப் பெறச் செய்தருளும்.’ பழைய இலத்தீன் கையெழுத்தில் ந, ம, உ ஆகியவற்றுக்கான எழுத்துகள் எல்லாமே பக்கத்தில் பக்கத்தில் நிற்கும் குச்சிகள்தான். எத்தனை குச்சி, எங்கே வெட்டுவது என்பதில் கண் வழுக்கினால் மூனெ என்பது நுமெ ஆகிவிடும். எனக்குப் பழைய பாடமே பிடிக்கும். அதில் ‘இன்’ இல்லாமலேயே வாக்கியம் கச்சிதமாக நிற்கிறது. ஆனால் இன்று கையில் இருக்கும் பாட்டுத்தாளை மாற்றிப் பாடினால் குழுவில் அடிதடி நடக்கும்.

டெபோனன்ட் தேடுகிறவர்களுக்கு இந்த மூனெராரீ ஒரு படி மேலான கணக்கு. அகராதியில் அந்த வினை மூனெரோ என்றும் இருக்கிறது, மூனெரொர் என்றும் இருக்கிறது. ஒரே வினை இரண்டு வரிசையிலும் பெயர் கொடுத்து வைத்திருக்கிறது. எனவே அகராதிச் சோதனை இங்கே தீர்ப்புச் சொல்லாது. டெபோனன்டாக எடுத்தால் ‘பரிசு கொடுக்க’, சாதாரண வினையாக எடுத்தால் ‘பரிசளிக்கப்பட’. நாங்கள் யாருக்கும் பரிசு கொடுக்கப்போவதில்லை, வாங்கத்தான் கேட்கிறோம். ‘மகிமையால்’ என்று கருவிப் பொருளில் வரும் சொல்லும் அதற்குத் துணை நிற்கிறது. இப்படி இரண்டு வேடத்திலும் திரிந்த வினைகள் இலத்தீனில் கொஞ்சநஞ்சமல்ல. பேச்சு இலத்தீனில் டெபோனன்ட் வடிவங்கள் மெல்ல மெல்ல உதிர்ந்தும் போயின. இலத்தீனின் பிள்ளை மொழியான இத்தாலியத்தில் ‘பின்தொடர்’ என்பதும் ‘சாகு’ என்பதும் சாதாரணச் செய்வினை விகுதியோடுதான் வருகின்றன. இலத்தீனில் இரண்டும் டெபோனன்ட்.

அடுத்தது ஏவல். தின்யாரெ தொமினெ தியே இஸ்தோ சினெ பெக்காதோ நோஸ் குஸ்தோதீரெ. ‘ஆண்டவரே, இந்த நாளில் பாவமின்றி எங்களைக் காத்தருளத் திருவுளம் கொள்ளும்.’ இந்த வரியில் ரெ என்று முடியும் சொற்கள் இரண்டு. ஆரம்பத்தில் தின்யாரெ, கடைசியில் குஸ்தோதீரெ. புதிதாகப் படிப்பவர்களுக்கு ரெ என்றால் ‘செய்ய’ என்ற எச்சம்தான் நினைவுக்கு வரும், லௌதாரெ ‘போற்ற’ என்பதுபோல. குஸ்தோதீரெ அப்படிப்பட்டதுதான், ‘காக்க’. ஆனால் இரண்டுமே எச்சம் என்றால் வாக்கியத்தில் முற்றுவினையே கிடையாதே! ‘திருவுளம் கொள்ள, காக்க’ என்று முடியாமல் நிற்கும்.

தின்யாரெயின் தலைச்சொல் தின்யொர். ஒர், ஆகவே டெபோனன்ட். டெபோனன்ட் வினைக்கு எச்சம் ரெ என்று முடியாது, ரீ என்று முடியும்: தின்யாரீ. அப்படியானால் ரெ எங்கிருந்து வந்தது? செயப்பாட்டு வரிசையில் ஒருமை ஏவலுக்கு விகுதி ரெ. சாதாரண வினைகளில் அதை யாரும் பார்ப்பதே அரிது. ‘நீ போற்றப்படு’ என்று யாருக்கு யார் கட்டளையிடப்போகிறார்கள்? ஆனால் டெபோனன்ட் வினைக்கு அந்த ஒரு வரிசைதான் இருக்கிறது என்பதால் அதன் ஏவலும் அங்கேதான் இருக்கிறது. அதனால்தான் சாதாரண வினையின் எச்சமும் டெபோனன்ட் வினையின் ஏவலும் ஒரே முகத்தோடு வருகின்றன. தொமினெ என்ற விளி பக்கத்தில் இருப்பது இன்னொரு துப்பு. யாரையாவது கூப்பிட்டால் அடுத்து ஏதோ கேட்கத்தானே போகிறோம்.

உடனே அடுத்த வரி: மிசெரேரெ நொஸ்திரீ தொமினெ, மிசெரேரெ நொஸ்திரீ. ‘இரங்கும் ஆண்டவரே, எங்கள்மேல் இரங்கும்.’ தலைச்சொல் மிசெரெயொர், ஏவல் ரெ, தின்யாரெயின் அதே கதை. இதில் பார்க்க வேண்டியது நொஸ்திரீ. அது இரண்டாம் வேற்றுமை அல்ல, ‘எங்களுடைய’ என்ற ஆறாம் வேற்றுமை. இந்த வினை இரக்கத்துக்கு உரியவரை ஆறாம் வேற்றுமையில்தான் வாங்கும். செயப்படுபொருள் சோதனை கைவிடும் என்று சொன்ன இடம் இதுதான். இரண்டாம் வேற்றுமைச் சொல்லைத் தேடினால் இங்கே கிடைக்காது, அதை வைத்து ‘அப்படியானால் செயப்பாட்டுவினை’ என்று முடிவெடுத்தால் ‘இரங்கப்படும்’ என்று விபரீதமாகிவிடும். இங்கே அகராதி ஒன்றுதான் கதி. நம் ‘இரக்கப்படு’வும் இரண்டாம் வேற்றுமையை ஏற்பதில்லை, ‘அவன்மேல் இரக்கப்பட்டான்’ என்றுதான் சொல்கிறோம்.

அடுத்த வரியில் ஃபீயத் என்று ஒரு வினை வரும், ‘உண்டாகட்டும்’. த் என்று முடிகிற செய்வினை வடிவம், ஆனால் இலத்தீனில் ‘செய்யப்படு’ என்ற இடத்துக்கு இதைத்தான் பயன்படுத்துகிறார்கள். டெபோனன்டுக்கு நேர் தலைகீழ். நமக்கு இப்போது வேண்டாம், ஆனால் பார்த்தால் பயப்பட வேண்டாம்.

கடைசி வரி: இன் தே தொமினெ ஸ்பேராவீ, நோன் கொன்ஃபுந்தர் இன் ஏதெர்னும். இது திருப்பாடலிலிருந்து எடுத்தது. முதல் பாதி சுலபம், ‘ஆண்டவரே, உம்மை நம்பினேன்’. கொன்ஃபுந்தர் தன்மை ஒருமை, ர். இதுவரை பழகியவர்கள் நேரே அகராதிக்குப் போவார்கள்: கொன்ஃபுந்தோ, ‘குலைக்கிறேன், வெட்கத்துக்கு உள்ளாக்குகிறேன்’. ஓ என்று முடிகிறது. எனவே அசல் செயப்பாட்டுவினை, ‘நான் வெட்கத்துக்கு உள்ளாக்கப்பட’. அதோடு முடிந்துவிடவில்லை. இந்த வகை வினையில் தன்மை ஒருமைக்கு எதிர்காலமும் வேண்டுகோள் வடிவமும் ஒரே மாதிரி அர் என்றுதான் முடியும். ஆக ‘ஒருநாளும் வெட்கமடையேன்’ என்று உறுதியாகவும் படிக்கலாம், ‘ஒருநாளும் வெட்கமடையாதிருப்பேனாக’ என்று மன்றாட்டாகவும் படிக்கலாம். இலத்தீன் இலக்கணத்தின்படி வேண்டுகோளுக்கு ‘நே’ என்ற எதிர்மறை வர வேண்டும், இங்கே இருப்பது ‘நோன்’. அது உறுதிப் பக்கம் சாய்கிறது. ஆனால் இலத்தீன் திருப்பாடல் எதிலிருந்து மொழிபெயர்க்கப்பட்டதோ அந்தக் கிரேக்கத்தில் அது தெளிவான வேண்டுகோள் வடிவம். தம்பி “ரெண்டுல எதுக்கா?” என்றான். பாடும்போது நான் மன்றாட்டாகத்தான் நினைத்துக்கொள்கிறேன். பிரித்து எழுதச் சொன்னால் இரண்டையும் எழுதுவேன்.

தே தெயுமில் கிடைக்காதது ஒன்று இருக்கிறது, டெபோனன்ட் வினையின் இறந்தகாலம். அதற்கு மரியாவின் பாடலின் கடைசி இரண்டு வரிக்குப் போக வேண்டும். ரெகொர்தாதுஸ் மிசெரிகொர்தியே சுவே, சீகுத் லொகூதுஸ் எஸ்த் அத் பத்ரேஸ் நொஸ்த்ரோஸ். லொகூதுஸ் எஸ்த் என்பது சாதாரண வினையாக இருந்தால் ‘-ப்பட்டார்’ என்று வரவேண்டிய இரட்டைச்சொல் வடிவம். தலைச்சொல் லொகுவொர், ‘பேசுகிறேன்’. எனவே ‘நம் முன்னோரிடம் அவர் பேசியதுபோல’. ரெகொர்தாதுஸ் அதே கதை: தலைச்சொல் ரெகொர்தொர், ‘நினைவுகூர்கிறேன்’. ‘தம் இரக்கத்தை நினைவுகூர்ந்து’ என்று செய்வினைப் பொருள்; ‘நினைவுகூரப்பட்டு’ இல்லை.

இதைத் தே தெயுமின் நடுவில் வரும் தேவிக்தோ மொர்திஸ் அகுலெயோ என்ற தொடரோடு ஒட்டி வைத்துப் பாருங்கள். தேவிக்தோவின் தலைச்சொல் தேவின்கோ, ஓ. அதனால் அது ‘வெல்லப்பட்ட’. ‘சாவின் கொடுக்கு வெல்லப்பட்டபின்’. சாவின் கொடுக்கு யாரையும் வெல்லவில்லை, அது தோற்றது. ரெகொர்தாதுஸ், தேவிக்தோ இரண்டும் இலத்தீனில் ஒரே எச்ச வடிவம், வேற்றுமை மட்டும் வேறு. ஒன்றில் செய்தவர் நிற்கிறார், மற்றதில் பட்டது நிற்கிறது. அடுத்த வாரம் குழுவில் மரியாவின் பாடலை எடுக்கும்போது இந்த இரண்டையும் பலகையில் அடுத்தடுத்து எழுதித்தான் ஆரம்பிக்கப்போகிறேன். தலைச்சொல்லை அவர்களே தேடிக்கொண்டு வரட்டும்.